41 மணி நேரப் பேச்சு: எங்கே ஒப்படைப்பது?

பேசுவோர் குறைந்துகொண்டே வரும் ஒரு மொழியைப் பதிவு செய்து முடித்தாயிற்று. எல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. இனி அதை எங்கே வைப்பது, யார் கேட்கலாம், யாருடைய சொத்து என்று எழுதுவது? இந்தக் கேள்விகளை மைக்கை வெளியே எடுப்பதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். ஆனால் பெரும்பாலும் நிதி முடிகிற கடைசி மாதத்தில்தான் கேட்கிறார்கள். நானும் அப்படிக் கேட்டவன்தான்.

பேச வசதியாக ஒரு தொகுப்பை வைத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்கு நான் போட்டவை. மொத்தம் 41 மணி நேரம், பேசியவர்கள் 23 பேர். அதில் 9 மணி நேரம் சொற்பட்டியல்: 'முழங்கை', 'தண்ணீர்', 'நேற்று வந்தான்' என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கியது. 14 மணி நேரம் கதைகளும் சொந்த அனுபவங்களும். 8 மணி நேரம் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து சும்மா பேசிக்கொண்டிருந்தது. 6 மணி நேரம் பாட்டு, 4 மணி நேரம் சடங்கு. பதிவுக்குப் பிறகு ஐந்து பேர் இறந்துவிட்டார்கள். காப்பகங்கள் கேட்கும் தரத்தில், அதாவது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோவில், ஒரு மணி நேரப் பதிவு ஏறக்குறைய 1 ஜிபி வரும். ஆக எல்லாமே ஒரு சாதாரண மெமரி கார்டில் அடங்கிவிடும்.

இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. பொதுவில் திறந்து விடலாம். ஒரு மொழிக் காப்பகத்தில் அனுமதி நிலைகளோடு ஒப்படைக்கலாம். அந்தச் சமூகத்தின் கையிலேயே கொடுத்துவிடலாம். ஆனால் மூன்றையும் எடை போடுவதற்கு முன்னால், நம்மிடம் எதற்கு ஒப்புதல் இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். இல்லாத ஒப்புதலை வைத்துக்கொண்டு எந்த வழியையும் தேர்ந்தெடுக்க முடியாது.

கையெழுத்து எதற்கு ஒப்புதல்?

கையெழுத்துப் போட்ட படிவம் 23 இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஆய்வுக்கும் கல்விக்கும் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன்' என்று ஒரு வரி. பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவுக்கு இது போதும். பேசியவருக்குப் போதுமா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. 'இந்தப் பேச்சை இனி யாரெல்லாம் கேட்பார்கள்?' என்று அவரையே சொல்லச் சொல்ல வேண்டும். ஒரு மூதாட்டி என்னிடம் சொன்ன பதில்: "நீ கேட்பாய், உன் வாத்தியார் கேட்பார். அப்புறம் என் பேத்தி கேட்டால் போட்டுக் காட்டு." படிவத்தில் என்ன எழுதியிருந்தாலும் அவர் கொடுத்த ஒப்புதல் அவ்வளவுதான். இணையம் என்றால் என்னவென்று தெரியாதவர் இணையத்துக்குச் சம்மதித்ததாக எழுதிக்கொள்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

அதனால் அனுபவமுள்ளவர்கள் ஒப்புதலை ஒரே நாளில் வாங்கி முடிப்பதில்லை. பதிவு செய்த பிறகு அதைப் பேசியவருக்கே போட்டுக் காட்டி, கேள்விகளைத் தனித்தனியாக மறுபடியும் கேட்கிறார்கள். பாதுகாத்து வைக்கலாமா? ஊர்க்காரர்கள் கேட்கலாமா? முன்பின் தெரியாதவர்கள் கேட்கலாமா? உங்கள் பெயரைப் போடலாமா? உங்களுக்குப் பிறகு யாரைக் கேட்பது? பதிலையும் அவர் மொழியிலேயே பதிவு செய்துகொள்கிறார்கள். கையெழுத்துப் போட்டே நிலம் இழந்த சமூகங்களில் காகிதத்தை நீட்டினாலே முகம் மாறிவிடும். அங்கெல்லாம் வாய்மொழி ஒப்புதல்தான் மரியாதை.

போட்டுக் காட்டும்போதுதான் நிஜமான தகவல் வெளியே வரும். 8 மணி நேர இயல்பான பேச்சில் ஒரு கோப்பை எடுத்துக்கொள்வோம். படகு கட்டுவதைப் பற்றித்தான் பேச்சு தொடங்குகிறது. பதினான்காவது நிமிடத்தில் படகுக்கு மரம் வெட்டிய இடத்துக்கு வருகிறது, அங்கிருந்து அந்த நிலம் யாருடையது என்பதற்கு, அதிலிருந்து பக்கத்து வீட்டுக்காரரின் திருமணத்துக்கு. பதினேழாவது நிமிடத்தில் மறுபடி படகு. மெட்டாடேட்டாவில் தலைப்பு 'படகு கட்டுதல்' என்று இருக்கும். அந்த மூன்று நிமிடம் பேசப்பட்டவரிடம் யாரும் ஒப்புதல் வாங்கவில்லை, அவர் அறையிலேயே இல்லை. இப்படிப்பட்ட இடங்களை முழுதாகக் கேட்டால் மட்டுமே கண்டுபிடிக்க முடியும். மொழி தெரியாத காப்பக ஊழியர் கண்டுபிடிக்கவே மாட்டார்.

பாட்டும் சடங்கும் வேறு விதமான சிக்கல். தன் வாழ்க்கைக் கதைக்கு ஒருவர் தானே சம்மதிக்கலாம். ஆனால் பல சமூகங்களில் ஒரு பாட்டு ஒரு குடும்பத்துக்கோ குலத்துக்கோ சொந்தம். பாடியவர் பாடத் தகுதி உள்ளவர், வெளியே கொடுக்கத் தகுதி உள்ளவர் அல்ல. அங்கே தனிமனித ஒப்புதல் எத்தனை சுத்தமாக இருந்தாலும் பாதி ஒப்புதல்தான்.

சட்டம் யாரை உரிமையாளர் என்கிறது?

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் பதில் பலருக்குப் பிடிக்காது. பெரும்பாலான நாடுகளின் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒலிப்பதிவின் உரிமை அதைத் தயாரித்தவருக்குப் போகும். அதாவது ரெக்கார்டரை வைத்திருந்தவருக்கோ அவருக்குச் சம்பளம் கொடுத்த நிறுவனத்துக்கோ. பேசியவருக்கும் பாடியவருக்கும் நிகழ்த்துநர் உரிமை என்று ஒன்று பல நாடுகளில் இருக்கிறது, ஆனால் அது அளவில் சிறியது. தலைமுறை தலைமுறையாக வந்த பாட்டுக்கு 'ஆசிரியர்' என்று யாரையும் காட்ட முடியாததால் சட்டம் அதைப் பெரும்பாலும் பொதுச்சொத்தாகவே பார்க்கிறது.

ஆக ஒன்றும் எழுதாமல் விட்டால் உரிமை தானாக ஆய்வாளர் பக்கம் சாய்ந்துவிடும். ஆய்வாளர் நல்லவராக இருக்கலாம், ஆனால் அவர் இறந்தால் அது அவருடைய வாரிசுகளுக்குப் போகும். அந்த மொழியின் பெயரைக் கூடக் கேள்விப்படாத ஒரு மருமகனிடம் போய் நிற்க வேண்டி வரும். இதைத் தவிர்க்க எழுத்தில் உரிமையை மாற்றித் தர வேண்டும். யாருக்கு? 'சமூகம்' என்பது சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள் அல்ல. ஒரு சங்கம், அறக்கட்டளை, பழங்குடி மன்றம் என்று பெயர் சொல்லக்கூடிய ஓர் அமைப்பு வேண்டும். அப்படி ஒன்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரே மொழி பேசும் இரண்டு ஊர்களில் இரண்டு அமைப்புகள் இருந்து, ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லை என்றால், அவசரப்பட்டு ஒரு பக்கம் எழுதிக்கொடுக்கக் கூடாது. பேசிய ஒவ்வொருவரும் தன் பதிவு யாரிடம் போக வேண்டும் என்று சொன்னதை மட்டும் குறித்து வைப்பது மேல்.

முதல் வழி: திறந்து விடுவது

கிரியேட்டிவ் காமன்ஸ் போன்ற ஒரு திறந்த உரிமம் போட்டு யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி வைப்பது. இதன் பலத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. வெளியூரில் வளரும் பிள்ளைகள் யாரிடமும் கெஞ்சாமல் தாத்தாவின் குரலைக் கேட்கலாம். நகல்கள் பல இடங்களில் பரவுவதால் ஒரு சர்வர் செத்தாலும் மொழி சாகாது. யாரும் இருந்து கதவைத் திறந்துவிட வேண்டியதில்லை.

பலவீனம் ஒன்றே ஒன்று, ஆனால் திருத்தவே முடியாதது: திரும்ப வாங்க முடியாது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் ரத்து செய்ய முடியாதவை. நீங்கள் பக்கத்தை எடுத்துவிடலாம், ஆனால் ஏற்கெனவே இறக்கிக்கொண்டவர் அதே உரிமத்தில் பயன்படுத்திக்கொண்டே இருக்கலாம். 'வணிகத்துக்குக் கூடாது' என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்தாலும் மீறுபவர் மேல் வழக்குப் போட யாரிடம் பணம் இருக்கிறது?

வெளியே போன குரலுக்கு என்ன ஆகும் என்பதற்கு இணையத்துக்கு முந்தைய ஒரு கதை உண்டு. சாலமன் தீவுகளில் மலைட்டா தீவின் பெகு மொழியில் அஃபுனாக்வா என்ற பெண் பாடிய ஒரு தாலாட்டை இசையாய்வாளர் ஹியூகோ செம்ப் பதிவு செய்தார். பெற்றோரை இழந்த தம்பியை அழாதே என்று தேற்றும் பாட்டு அது. 1973இல் அது யுனெஸ்கோ வரிசையில் இசைத்தட்டாக வந்தது. 1992இல் டீப் ஃபாரஸ்ட் என்ற பிரெஞ்சு இரட்டையர் அந்தக் குரலை எடுத்து நடன இசையோடு கலந்தார்கள், உலகம் முழுக்க ஓடியது. 1996இல் நார்வே சாக்ஸபோன் கலைஞர் யான் கார்பரெக் அந்த மெட்டை எடுத்துக்கொண்டபோது அதற்குப் பெயரே 'பிக்மி தாலாட்டு' என்று ஆகிவிட்டிருந்தது. பசிபிக் தீவுப் பாட்டு ஆப்பிரிக்கக் காட்டுப் பாட்டாகிவிட்டது. செம்ப் பின்னால் இதை எதிர்த்து விரிவாக எழுதினார். பதிவு செய்தவர், வெளியிட்டவர், கலந்தவர் என்று எல்லோர் பெயரும் வந்த பிறகு, கடைசியாகத்தான் பாடியவர் பெயர் பேச்சில் வந்தது.

அந்த இசைத்தட்டு திறந்த உரிமத்தில் வந்ததுகூட இல்லை. எல்லா உரிமையும் பத்திரமாகப் பாதுகாக்கப்பட்டதாக நினைத்த காலத்திலேயே இவ்வளவு நடந்தது என்றால், திறந்து விடுவதை எந்தக் கோப்புக்குச் செய்யலாம் என்று நிதானமாகவே யோசிக்க வேண்டும். என் கணக்கில் அந்த 9 மணி நேரச் சொற்பட்டியலைத் திறக்கலாம். பேசியவர் சரி என்று சொன்ன கதைகளைத் திறக்கலாம். மற்றதை வேண்டாம்.

இரண்டாவது வழி: மொழிக் காப்பகம்

இதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 2003இல் தொடங்கிய பாரடைசெக், அமெரிக்காவில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஐலா, லண்டனில் தொடங்கி 2021இல் பெர்லினுக்கு இடம் மாறிய ஈலார். பாரடைசெக் உருவான காரணமே பாடம்தான்: பசிபிக் பகுதி மொழிகளின் ஒலிநாடாக்கள் ஓய்வுபெற்ற ஆய்வாளர்களின் அலமாரிகளில் பூஞ்சை பிடித்துக் கிடந்தன.

கோப்பைப் பாதுகாப்பதில் இவற்றுக்கு இணை கிடையாது. நகல்கள் பல இடத்தில் இருக்கும், கோப்பு கெட்டிருக்கிறதா என்று அவ்வப்போது சரிபார்ப்பார்கள், வடிவம் பழசானால் மாற்றி வைப்பார்கள். ஒப்படைப்பு ஒப்பந்தத்தில் பொதுவாக உரிமையைக் காப்பகம் எடுத்துக்கொள்வதில்லை, வைத்துக்கொள்ளவும் தரவும் அனுமதி மட்டுமே கேட்கும். கோப்பு வாரியாக அனுமதி நிலையும் வைக்கலாம்: எல்லோருக்கும், பெயர் கொடுத்துக் கணக்குத் தொடங்கியவருக்கு மட்டும், ஒப்படைத்தவரைக் கேட்டு மட்டும்.

அந்தக் கடைசி நிலையில்தான் ஓட்டை. சங்கடமான கோப்புகளையெல்லாம் 'ஒப்படைத்தவரைக் கேட்கவும்' என்று போட்டுவிட்டு நிம்மதியாக வந்துவிடுவோம். பத்து வருடம் கழித்து அந்த மூதாட்டியின் பேத்தி காப்பகத்தில் விண்ணப்பிக்கிறாள். விண்ணப்பம் ஆய்வாளரின் பழைய பல்கலைக்கழக மின்னஞ்சலுக்குப் போகிறது. அவர் வேலை மாறி எட்டு வருடம் ஆகிவிட்டது, மின்னஞ்சல் திரும்பி வருகிறது. காப்பகம் விதியை மீறித் திறக்க முடியாது. பாட்டி 'பேத்தி கேட்டால் போட்டுக் காட்டு' என்று சொன்னது ஒலியாகவே அந்தக் கோப்பில் இருக்கிறது, பேத்திக்கு மட்டும் கேட்காது. அந்நியரைத் தடுக்கப் போட்ட பூட்டு கடைசியில் சொந்தக்காரரைத்தான் தடுக்கிறது. இதைவிட மோசமான விளைவு எந்த வழியிலும் இல்லை என்பேன்.

கதவு திறந்திருந்தாலும் உள்ளே நுழைவது சுலபமில்லை. அட்டவணை ஆங்கிலத்தில் இருக்கும். பேசியவர் பெயர் ஆய்வாளரின் ஒலிக்குறிகளில் எழுதியிருக்கும், அல்லது 'பேச்சாளர் 07' என்று மறைத்திருக்கும். ஊரில் கூப்பிடும் பெயரைத் தட்டித் தேடினால் ஒன்றும் வராது. கோப்பு 1 ஜிபி, கையில் இருப்பது போன். காப்பகத்தின் பார்வையில் அது 'எல்லோருக்கும் திறந்த' கோப்புதான்.

இவற்றில் பலதை ஒப்படைக்கும்போதே சரிசெய்யலாம் என்பதுதான் ஆறுதல். பெயர்களை உள்ளூர் எழுத்திலும் எழுதலாம். விளக்கத்தை அந்த மொழியிலோ அவர்கள் படிக்கும் பெரிய மொழியிலோ சேர்க்கலாம். அனுமதி தருபவராக ஒரு தனி ஆளைப் போடாமல் ஒரு பொறுப்பைப் போடலாம்: 'இந்தச் சங்கத்தின் அப்போதைய செயலாளர்'. பூட்டுக்கு ஒரு காலாவதித் தேதியும் வைக்கலாம்: இத்தனை வருடம் கழித்து யாரும் பதில் சொல்லாவிட்டால் பேசியவரின் குடும்பத்துக்குத் திறக்கும் என்று.

மூன்றாவது வழி: அவர்கள் கையிலேயே

நியாயப்படி பார்த்தால் இதுதான் முதலில் வர வேண்டும். இதற்குச் சிறந்த உதாரணம் முகுர்த்து. ஆஸ்திரேலியாவின் டென்னன்ட் கிரீக்கில் வாருமுங்கு மக்களோடு சேர்ந்து உருவாக்கிய மென்பொருள் அது. பெயரும் அவர்கள் மொழிதான்: புனிதமான பொருட்களைப் போட்டு வைக்கும் பை. பையைப் பெரியவர்கள் வைத்திருப்பார்கள், உள்ளே இருப்பதைப் பார்க்க அவர்களைக் கேட்க வேண்டும். மென்பொருளும் அப்படியே. யார் எந்தக் குடும்பம், ஆணா பெண்ணா, எந்த இடத்தோடு உறவு என்பதை வைத்து எதைப் பார்க்கலாம் என்று தீர்மானிக்கும். இறந்தவரின் பெயரையும் படத்தையும் தவிர்க்கும் வழக்கம் உள்ளவர்களுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை காட்டும். வெளியூர்க் காப்பகத்தின் மூன்று நிலைப் பூட்டால் இதைச் செய்யவே முடியாது.

விலை வேறு இடத்தில் வரும். சர்வருக்கு மாதாமாதம் பணம், மென்பொருளைப் புதுப்பிக்க ஆள், கடவுச்சொல்லை மறந்துவிடாத ஒருவர். திட்டம் இரண்டு வருடம் ஓடும், அதில் இருந்த இளைஞர் வேலை தேடி நகரத்துக்குப் போவார், அதோடு சரி. இன்னும் எளிமையாக ஒரு ஹார்ட் டிஸ்க்கை ஊர் மன்ற அலமாரியில் வைத்தால் ஈரம், விழுந்து உடைவது, 'என் போன் படத்தைப் போட இடம் வேண்டும்' என்று அழிப்பது. கோப்பு கெட்டால் யாருக்கும் தெரியவும் தெரியாது. கொடுக்கும்போதே டிஸ்க்கில் ஒரு சரிபார்ப்புப் பட்டியலை எழுதி வைத்தால் பிறகு ஒப்பிட்டுப் பார்க்கலாம்:

```
sha256sum *.wav > pattiyal.txt
sha256sum -c pattiyal.txt
```

முதல் வரியைக் கொடுக்கும் நாளில் ஒரு முறை, இரண்டாவதை வருடத்துக்கு ஒரு முறை ஓட்ட வேண்டும். மாறிப்போன கோப்பின் பெயருக்கு எதிரே `FAILED` என்று வரும். ஆனால் கெட்டது தெரிந்தால் மட்டும் போதாது, நல்ல நகல் வேறெங்காவது இருக்க வேண்டும். அப்போது மறுபடி காப்பகத்துக்குத்தான் போக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சங்கடமாக இருந்தாலும். சமூகத்தின் கையில் என்றால் சமூகத்தில் யாரோ ஒருவரின் கையில். நிலத் தகராறு பேசிய அந்த மூன்று நிமிடம் வெளிநாட்டு ஆய்வாளரிடம் இருப்பதைவிடப் பக்கத்து வீட்டில் இருப்பதுதான் ஆபத்து. 8 மணி நேர இயல்பான பேச்சு அப்படியே ஊருக்குள் போகக் கூடாது. தூரத்துக் காப்பகத்தில் பூட்டி வைப்பது நியாயமாக இருக்கும் அபூர்வமான இடம் இது.

நான் எப்படிப் பிரிப்பேன்

மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே தப்பு என்று நினைக்கிறேன். பாதுகாப்பது ஒரு வேலை, கேட்க விடுவது வேறு வேலை. முதலாவதைக் காப்பகத்திடமும் இரண்டாவதை முடிந்த அளவு அவர்களிடமும் கொடுக்கலாம். ஒவ்வொரு கோப்புக்கும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: பதினைந்து வருடம் கழித்து ஒருவர் இதைக் கேட்க வந்தால் யார் பதில் சொல்வார்? பெயரோ பொறுப்போ சொல்ல முடிந்தால் பூட்டலாம். சொல்ல முடியாவிட்டால் பூட்டுக்குத் தேதி வைக்க வேண்டும்.

ஆக 41 மணி நேரமும் முழுத் தரத்தில் காப்பகத்துக்குப் போகும். உரிமையாளர் என்ற இடத்தில் பேசியவரும் அவர் சொன்ன அமைப்பும். சொற்பட்டியலும், மறுபடி போட்டுக் காட்டிச் சரி என்று சொன்ன கதைகளும் திறந்திருக்கும். இயல்பான பேச்சில் பிரச்சினையான நிமிடங்களை வெட்டிய பிரதி ஊருக்கு, வெட்டாதது காப்பகத்தில் தேதி வைத்த பூட்டில். பாட்டு, அந்தந்தக் குடும்பத்தைக் கேட்டு முடிக்கும் வரை குடும்பத்துக்கு மட்டும். சடங்கின் 4 மணி நேரத்தைப் பற்றி நான் முடிவு செய்ய மாட்டேன். நடத்திய பெரியவர்கள் அழித்துவிடு என்று சொன்னால் அழிப்பதும் ஒரு முடிவுதான். அது என் வயிற்றைப் பிசையும், இருந்தாலும் அவர்கள் முடிவு.

இறந்த ஐவரில் மூன்று பேர், தங்களுக்குப் பிறகு யாரைக் கேட்பது என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். மற்ற இருவரும் சொல்லவில்லை, ஏனென்றால் நாம் கேட்கவில்லை. அவர்கள் பிள்ளைகளிடம் போய் உட்கார்ந்து, முழுவதையும் போட்டுக் காட்டி, புதிதாகத்தான் கேட்க வேண்டும். சிலர் அழுவார்கள், சிலர் பத்து நிமிடத்தில் எழுந்து போவார்கள். இதற்கு நிதித் திட்டத்தில் பணம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள்.

ஊருக்குக் கொடுக்கும் பிரதி போனில் ஓடுகிற மாதிரி இருக்க வேண்டும். 64 கேபிபிஎஸ் மோனோ எம்பி3 ஆக்கினால் 41 மணி நேரமும் 1.2 ஜிபிதான். வெட்டியது, பூட்டியது போக இன்னும் குறையும். கோப்புப் பெயரில் ஊரில் கூப்பிடும் பெயரை ஊர் எழுத்திலேயே போட வேண்டும். இணையம் இல்லாத இடத்தில் ராஸ்பெரி பை போன்ற கையளவுக் கணினியை வைத்து, அதன் வைஃபையில் பக்கத்தில் வந்து நின்றாலே போனில் கேட்கும்படி செய்யலாம். பசிபிக் பகுதியில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். பலருக்கு அதுவும் தேவைப்படாது. ஒரு போனில் மெமரி கார்டைப் போட்டுக் கொடுத்தால் ராத்திரிக்குள் புளூடூத்தில் நாலு வீட்டுக்குப் போய்விடும். அதனால்தான் அந்தக் கார்டில் என்ன இருக்கிறது என்பதை, கொடுப்பதற்கு முன்னால் ஒரு முறை முழுசாகக் கேட்டுவிட வேண்டும், பதினான்காவது நிமிடம் உட்பட.